பி.எல்.: சரக்கு போன பிறகு கையில் இருக்கும் தாள்

திருப்பூரிலிருந்து ஒரு கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டால், ஏற்றுமதி செய்தவர் அந்தச் சரக்கை மறுபடி கண்ணால் பார்ப்பதில்லை. சிறிய கப்பலில் ஏறிக் கொழும்பு போகும். அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். வாரக்கணக்கில் கடலில் மிதந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கும். பல நேரங்களில் அதுவரை பணம் வந்திருக்காது. நூல் வாங்கிய கடனும், சாயப்பட்டறை பாக்கியும், தையல் கூலியும் சேர்ந்த அத்தனை பணமும் கடலில் இருக்கும். ஏற்றுமதியாளர் கையில் இருப்பது ஒரு தாள்தான். அதற்குப் பெயர் பில் ஆஃப் லேடிங். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக பி.எல். என்பார்கள்.

இந்தத் தாள் மூன்று வேலை செய்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஒப்பந்தம், சரக்கின் மேல் உரிமை காட்டும் ஆவணம். ஏற்றுமதிப் பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருவது இது. அங்கே போதிய அழுத்தம் கொடுக்காமல் போவது வேறொன்று. இந்த மூன்று வேலைகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு பலத்தோடு நடக்கும் என்பது தாள் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் கேள்வியோடு ஒரு பி.எல்.லைப் படித்துப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். 600 அட்டைப்பெட்டி டி-ஷர்ட். பெட்டிக்கு 15 கிலோ வீதம் 9,000 கிலோ. மதிப்பு 90,000 டாலர். நாற்பது அடிக் கன்டெய்னர் ஒன்றில், ஏற்றுமதியாளரின் தொழிற்சாலையிலேயே அடுக்கி சீல் வைத்தாயிற்று. ஹாம்பர்க் பையர் தன் வங்கியில் பணம் கட்டினால்தான் அந்த வங்கி ஆவணங்களைக் கொடுக்கும் என்பது ஏற்பாடு.

கண்ணால் பார்த்ததற்கு மட்டும் ரசீது

முன்பக்கத்தில் கன்டெய்னர் எண், சீல் எண், பெட்டிகளின் எண்ணிக்கை, எடை, சரக்கின் விவரம் எல்லாம் இருக்கும். சரக்கு வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். கப்பல் எதில் ஏறியது, எந்தத் தேதியில் ஏறியது என்று ஒரு குறிப்பு இருக்கும். கப்பல் கம்பெனி கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வது இவ்வளவுதான்.

'வெளிப்பார்வைக்கு' என்ற சொல் அங்கே காரணமாகத்தான் இருக்கிறது. கம்பெனி தன் ஆட்கள் பார்க்க முடிந்ததற்கு மட்டுமே பொறுப்பேற்கும். நம் சரக்கைத் தொழிற்சாலையில் அடுக்கியது நாம், எண்ணியது நாம், பூட்டியது நாம். கம்பெனி பார்த்தது மூடிய இரும்புப் பெட்டியை. அதனால் விவரத்துக்கு மேலே 'ஷிப்பர்ஸ் லோட், ஸ்டோ அண்ட் கவுண்ட்' என்றும், எண்ணிக்கைக்கு முன்னால் 'செட் டு கன்டெய்ன்' என்றும் அச்சிட்டுவிடும். அடுக்கியதும் எண்ணியதும் அனுப்பியவர், உள்ளே 600 பெட்டி இருப்பதாக அவர் சொல்கிறார், நாங்கள் எண்ணவில்லை என்பது இதன் பொருள்.

ஹாம்பர்க்கில் திறந்தபோது 560 பெட்டிதான் இருந்தது என்று பையர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது சீல் எண்ணை. பி.எல்.லில் இருக்கும் அதே சீல் உடையாமல் இருந்தால், குறை நம் தொழிற்சாலையில் நடந்தது என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். சீல் எண் மாறியிருந்தாலோ உடைந்திருந்தாலோ கப்பல் கம்பெனி பதில் சொல்ல வேண்டிய நிலை வரும். பி.எல்.லில் சீல் எண்ணின் ஒரு இலக்கம் தப்பாக அடித்திருந்தால் இந்த வாதமே குழம்பிப் போகும். வரைவு வரும்போது சரக்கு விவரத்தை நாலு முறை படிப்பவர்கள் சீல் எண்ணை ஒரு முறையாவது போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தாள் யார் கையில் என்ற கேள்வி இங்கேயே எழுகிறது. ரசீது நம் கையில் இருக்கும் வரை, அதில் எழுதியது தவறு என்று கப்பல் கம்பெனி வேறு சான்று காட்டி வாதிடலாம். தாளை நம்பிப் பணம் கொடுத்து வாங்கிய மூன்றாம் நபரின் கைக்கு அது போனபின், எழுதியதைக் கம்பெனி மறுக்க முடியாது. அவருக்குச் சரக்கைப் பார்க்க வழியில்லை, தாளை மட்டுமே பார்த்தார் என்பதுதான் காரணம்.

பெட்டி நனைந்திருக்கிறது, கிழிந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த பி.எல். 'கிளீன்' இல்லை. கிளீன் இல்லாத பி.எல்.லை லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் வங்கி ஏற்காது. அதனால் 'குறிப்பு எழுதாதீர்கள், பின்னால் பிரச்சினை வந்தால் நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. 1950-களில் லண்டனிலிருந்து ஹாம்பர்க்குக்கு 100 பீப்பாய் ஆரஞ்சுச் சாறு போனது. பீப்பாய்கள் பழையவை, சில ஒழுகுகின்றன என்பது ஏற்றும்போதே தெரிந்துவிட்டது. அனுப்பியவர் பொறுப்புக் கடிதம் கொடுத்தார், கிளீன் பி.எல். கொடுக்கப்பட்டது. அங்கே போனதும் நஷ்டஈடு கட்ட வேண்டி வந்தது. கட்டிய தொகையைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டபோது, 1957-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கடிதம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பொய் என்று தெரிந்தே ரசீது கொடுத்து, அதை நம்பும் ஒருவரை ஏமாற்றுவதற்குத் துணைபோன கடிதத்தைச் சட்டம் காப்பாற்றாது என்பது தீர்ப்பு. ஏற்றிய தேதியை முன்தேதியிட்டுத் தரச் சொல்வதும் இதே வகைதான். ஜூன் 30-க்குள் ஏற்ற வேண்டியது ஜூலை 2-இல் ஏறினால், பையரிடம் பேசி லெட்டர் ஆஃப் கிரெடிட்டைத் திருத்தி வாங்குவதே நேர்வழி.

பின்பக்கத்துப் பொடி எழுத்து

பின்பக்கம் முழுக்கக் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் விதிகள் இருக்கும். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம், வழியில் கப்பல் எங்கெல்லாம் நிற்கலாம், எதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்பதெல்லாம் அங்கேதான். இதைத்தான் ஒப்பந்தம் என்கிறோம். ஆனால் இதிலும் கைமாற்றம் கணக்கை மாற்றுகிறது.

1947-இல் ஸ்பெயினின் கார்டஹேனாவிலிருந்து லண்டனுக்கு ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு 'ஆர்டென்ஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. டிசம்பர் 1 முதல் இங்கிலாந்தில் இறக்குமதி வரி உயர இருந்தது. அதற்கு முன் சேர வேண்டும் என்பதால், நேராக லண்டன் போகிறோம் என்று ஏற்றும்போதே கம்பெனியின் ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னார். கப்பலோ முதலில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குப் போய்விட்டு, வரி உயர்ந்த பிறகு லண்டன் வந்தது. பி.எல்.லில் எந்தத் துறைமுகத்துக்கும் போகலாம் என்று எழுதியிருக்கிறதே என்றது கம்பெனி. நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுப்பியவருக்கும் கம்பெனிக்கும் இடையே ஒப்பந்தம் பி.எல். அடிக்கும் முன்பே, சரக்கை ஏற்க ஒத்துக்கொண்டபோதே முடிந்துவிட்டது, பி.எல். அதற்கு நல்ல சான்று, ஆனால் அதுவே ஒப்பந்தம் ஆகாது என்றது. அதே தாள் ஒரு பையரின் கைக்குப் போயிருந்தால் கதை வேறு. வாய்வார்த்தை அவருக்குத் தெரியாது. அவருக்கும் கம்பெனிக்கும் இடையே அச்சிட்டிருப்பதுதான் ஒப்பந்தம். ஆகவே புக்கிங் செய்யும்போது பேசிய கப்பல், தேதி, வாடகை எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும். அது பி.எல்.லுக்கு முந்திய ஒப்பந்தத்தின் சான்று.

ஒப்பந்தத்தில் பணமாகப் பேசும் விதி ஒன்று உண்டு. சரக்கு சேதமானால் கம்பெனி எவ்வளவு வரை கொடுக்க வேண்டும் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. இந்தியச் சட்டமும் ஏற்றிருக்கும் ஹேக்-விஸ்பி விதிப்படி, ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. மதிப்பு ஒரு டாலரைவிடச் சற்று அதிகம்.

'பெட்டி' என்பது எது? பி.எல்.லில் எண்ணிக் காட்டியிருப்பதுதான் பெட்டி. நம் பி.எல்.லில் '1 கன்டெய்னர், டி-ஷர்ட்' என்று மட்டும் இருந்து சரக்கு முழுவதும் கடலில் போய்விட்டால், பெட்டி ஒன்றே ஒன்றுதான். எடைக் கணக்குதான் கைகொடுக்கும்: 9,000 கிலோவுக்கு 18,000 எஸ்.டி.ஆர். அது 90,000 டாலரில் கால் பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதே இடத்தில் '1 கன்டெய்னர், 600 பெட்டிகள்' என்று இருந்தால் உச்சவரம்பு 600 மடங்கு, ஏறத்தாழ 4 லட்சம் எஸ்.டி.ஆர். நஷ்டம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஒரே சரக்கு, ஒரே விபத்து. ஒரு எண் எழுதியதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

நஷ்டம் தெரிந்தால் நேரம் கடத்தக் கூடாது. வெளியே தெரியாத சேதத்தைச் சரக்கு எடுத்த 3 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓர் ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். அதுவரை நடந்த மின்னஞ்சல் பேச்சுவார்த்தைகள் இந்தக் கெடுவை நீட்டிக்காது. நீட்டிப்பு வேண்டுமென்றால் கம்பெனி அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரக்கைத் திறக்கும் சாவி

மூன்றாவது வேலைதான் ஏற்றுமதியாளரின் பணத்துக்குக் காவல். ஒரிஜினல் பி.எல்.லைக் கொடுப்பவருக்கே சரக்கைக் கொடுப்பேன் என்று கப்பல் கம்பெனி வாக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் தாள் கைமாறினால் கடலில் இருக்கும் சரக்கே கைமாறியதாகக் கணக்கு. 1883-இல் ஆங்கில நீதிபதி போவன் இதைக் கிடங்கின் சாவியோடு ஒப்பிட்டார். சரக்கு கரையில் இருந்தாலும் கப்பலில் மிதந்தாலும் கதவைத் திறப்பது அந்தச் சாவி. வணிகர்களின் வழக்கமாக இருந்து, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிக்பாரோ - மேசன் வழக்கில் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற முறை இது.

சாவி யாருக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்வது கன்சைனி என்ற கட்டம். அதில் மூன்று விதமாக எழுதுவார்கள். பையரின் பெயரை நேராக எழுதினால் தாளைக் கைமாற்ற முடியாது. அதைவிட ஆபத்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இப்படிப்பட்ட பி.எல்.லுக்கு ஒரிஜினலைக் கேட்காமலேயே அந்தப் பெயர்க்காரரிடம் சரக்கைக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பணம் வராமல் அமெரிக்காவுக்கு இப்படி அனுப்பியவர் சாவியையும் சேர்த்து அனுப்பிவிட்டார் என்று பொருள். இரண்டாவது, 'டு ஆர்டர்' என்று எழுதுவது. ஷிப்பர் பின்பக்கம் கையெழுத்துப் போட்டால்தான் தாள் அடுத்தவருக்குப் போகும். கையெழுத்து மட்டும் போட்டுப் பெயர் எழுதாமல் விட்டால், தாள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சரக்கு. கூரியரில் தொலைந்தால் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளலாம். மூன்றாவது, 'டு ஆர்டர் ஆஃப்' என்று வங்கியின் பெயரை எழுதுவது. வங்கி கையெழுத்துப் போட்டால்தான் பையருக்குச் சரக்கு. நம் உதாரணத்துக்கு இரண்டாவதோ மூன்றாவதோதான் சரி. வங்கியின் பெயரை எழுதுவதானால் அந்த வங்கியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பையரின் பெயர் 'நோட்டிஃபை பார்ட்டி' கட்டத்தில் இருந்தால் போதும். கப்பல் வந்துவிட்டது என்ற தகவல் அவருக்குப் போகும், அதற்கு மேல் உரிமை எதுவும் கிடையாது.

வழக்கமாக ஒரிஜினல் மூன்று பிரதி கொடுப்பார்கள். ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது என்று தாளிலேயே எழுதியிருக்கும். அவசரம் என்று பையருக்கு ஒரு ஒரிஜினலை நேராக அனுப்பிவிட்டு, மீதி இரண்டை வங்கியில் கொடுப்பவர்கள், வங்கியிடம் இரண்டு வெற்றுத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள்.

கப்பல் கம்பெனி வாக்கை மீறினால்? இங்கிலாந்தின் ராம்ப்ளர் சைக்கிள் கம்பெனி சிங்கப்பூருக்குச் சைக்கிள் பாகங்களை அனுப்பியது. ஏற்பாடு நம் உதாரணத்தைப் போலத்தான்; பணம் கட்டினால் வங்கி பி.எல்.லைக் கொடுக்கும். பையர் பணம் கட்டவில்லை. கப்பல் கம்பெனியின் ஏஜென்ட்டிடம் போய், தானும் ஸே ஹாய் தோங் வங்கியும் பொறுப்பு என்று கடிதம் கொடுத்து, பி.எல். இல்லாமலே சரக்கை எடுத்துப் போய்விட்டார். ராம்ப்ளர் வழக்குப் போட்டது. சரக்கு கப்பலிலிருந்து இறங்கியதும் எங்கள் பொறுப்பு முடிகிறது என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றது கப்பல் கம்பெனி. 1959-இல் பிரிவி கவுன்சில் அதை ஒதுக்கியது. பி.எல். இல்லாதவருக்குத் தெரிந்தே சரக்கைக் கொடுப்பது ஒப்பந்தத்தின் அடிப்படையையே உடைப்பது, பொடி எழுத்து அதைக் காப்பாற்றாது என்றது. இறுதியில் பணம் கொடுக்க வேண்டியிருந்தது பொறுப்பேற்ற வங்கி.

இந்தத் தீர்ப்பு ஏற்றுமதியாளருக்குப் பலம்தான். ஆனால் அவர் கையில் உண்மையான பி.எல். இருந்தால்தான் அந்தப் பலம். பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பகுதி எஃப்.ஓ.பி. முறையில் நடக்கிறது. கப்பல் வாடகையைப் பையர் கட்டுவார், ஃபார்வர்டரையும் அவரே சொல்வார். அந்த ஃபார்வர்டர் கப்பல் கம்பெனியிடம் மாஸ்டர் பி.எல்.லைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு, நமக்குத் தன் பெயரில் ஹவுஸ் பி.எல். கொடுப்பார். ஹாம்பர்க்கில் கப்பல் கம்பெனியிடமிருந்து கன்டெய்னரை எடுப்பது அவருடைய ஆள். அவர் நம் ஹவுஸ் பி.எல்.லைக் கேட்காமலே பையரிடம் கொடுத்துவிட்டால், கப்பல் கம்பெனி மேல் நமக்கு வழக்கில்லை. ஃபார்வர்டர் மேல்தான் உண்டு. அவருக்குச் சொத்து இருக்கிறதா, எந்த நாட்டில் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியவரும். இந்தியாவில் ஹவுஸ் பி.எல். கொடுப்பவர் 1993-ஆம் ஆண்டுப் பலவழிப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ்க் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் தாளிலேயே இருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா என்று சரக்கைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டும். ஃபார்வர்டர்ஸ் கார்கோ ரிசீட் என்ற தாளைக் கொடுத்தால் அது ரசீது மட்டுமே. பார்வைக்கு பி.எல். மாதிரி இருக்கும், உரிமை ஆவணம் அல்ல. கடல் வேபில்லும் அப்படித்தான். ரசீது உண்டு, ஒப்பந்தம் உண்டு, சாவி கிடையாது. ஒரிஜினலை இங்கேயே ஒப்படைத்து டெலக்ஸ் ரிலீஸ் கேட்டால், அந்த நிமிடமே சாவியைக் கழற்றிக் கொடுத்தாயிற்று. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு இவற்றைச் செய்வதில் தவறில்லை. வருவதற்கு முன் செய்தால், மிஞ்சுவது பையரின் நல்ல மனசு மட்டும்.

மோசம் நடந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் கன்டெய்னர் எண்ணைப் போட்டால் அது இருக்கும் இடம் தெரியும். ஒரிஜினல் மூன்றும் இன்னும் வங்கியிலேயே இருக்கும்போது, ஹாம்பர்க் துறைமுகத்தை விட்டுக் கன்டெய்னர் வெளியே போய், காலியாகத் திரும்பியும் வந்துவிட்டது என்று காட்டினால், சரக்கு பி.எல். இல்லாமல் கொடுக்கப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அன்றைக்கே அந்தத் திரையைப் படம் எடுத்து, பி.எல். கையெழுத்திட்டவருக்கு எழுத்தில் கேள்வி அனுப்ப வேண்டும். ஓர் ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

சாவிக்கும் எல்லை உண்டு. பையர் சரக்கே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டால், மூன்று ஒரிஜினலும் கையில் இருந்தும் பணம் வராது. துறைமுகத்தில் நாள் வாடகை ஏறும். ஒப்பந்தத்தில் ஷிப்பர் என்று பெயர் இருப்பவரிடம் அதைக் கம்பெனி கேட்கும். வேறு பையர் தேடுவதா, திரும்பக் கொண்டுவருவதா என்று விரைந்து முடிவெடுக்கத் தாள் வழிவிடுகிறது, முடிவை அது எடுக்காது.

இந்தியாவில் இந்தத் தாளுக்கு ஆதாரமாக இருந்தது 1856-ஆம் ஆண்டுச் சட்டம். கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டுக்கும் பதிலாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டங்களை நிறைவேற்றியது. மொழி புதிது, அடிப்படை அதேதான்.

ஆகவே ஃபார்வர்டர் வரைவு பி.எல்.லை அனுப்பி 'ஓ.கே. சொல்லுங்கள்' என்று அவசரப்படுத்தும்போது ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவது கப்பல் கம்பெனியா, ஃபார்வர்டரா. கன்சைனி கட்டத்தில் யார் பெயர். பெட்டிகளின் எண்ணிக்கை தனியாக இருக்கிறதா. சீல் எண்ணும் கப்பலில் ஏறிய தேதியும் சரியா. ஒரிஜினல் எத்தனை, அவை யார் கைக்குப் போகின்றன. திருத்தம் கேட்கக் கட்டணம் இல்லாத நேரம் அந்த ஒரு நாள்தான். கப்பல் கிளம்பிய பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் பணம் கட்ட வேண்டும், சிலவற்றைத் திருத்தவே முடியாது.